மேலே நாலு வரி

வந்த மின்னஞ்சலை ஒரு சொல்லும் சேர்க்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால், அவர் கீழே நீளும் பழைய மடல்களை எல்லாம் படித்துத் தன் வேலை எது என்று தேட வேண்டியிருக்கும். மேலே நாலு வரி எழுதி அனுப்புங்கள்:

‘காகிதம் தருபவர்கள் விலையை உயர்த்தியிருக்கிறார்கள். புதிய விலைப்பட்டியல் கீழே இரண்டாவது மடலில் இருக்கிறது. நாம் ஏற்கெனவே கொடுத்த ஆர்டருக்கும் இது பொருந்துமா என்று பார்த்து, வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். அவர்களுக்கு நானே பதில் எழுதுகிறேன்.’

கடைசி வரி இல்லையென்றால் இருவருமே பதில் எழுதக்கூடும். அல்லது ஒருவருமே எழுதாமல் போகலாம். செய்ய வேண்டியது எதுவும் இல்லையென்றால், ‘தகவலுக்கு மட்டும்’ என்று அதையும் சொல்லிவிடுங்கள். அனுப்புமுன் மடலை அடிவரை பாருங்கள். அவர் பார்க்கக் கூடாதது இருந்தால் நீக்குங்கள்.