முதலில் யார் தலையசைப்பது?

ராயபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள வடசென்னையிலும் இரண்டு வகை மாடிக் கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நிற்கின்றன. ஒன்று, குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்தது. 1970இல் தொடங்கிய அந்த வாரியத்தின் பெயர் 2021இல் மாறிவிட்டது. ஜனங்களுக்கு அது இன்றும் போர்டு வீடுதான். இன்னொன்று, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, மேலே நான்கு மாடி எழுப்பி, நடுவில் லிஃப்ட் வைத்த ஃப்ளாட்.

போர்டு வீட்டுப் படிக்கட்டில் பேசாமல் போவது கடினம். இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக ஒரு பெண் ஏறி வந்தால், இறங்குகிறவர் திருப்பத்தில் ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். “நீ ஏறுக்கா, நான் நிக்கிறேன்” என்று ஒரு வார்த்தை. “தண்ணி இன்னும் வருதா?” என்று இன்னொரு வார்த்தை. அந்தப் படியின் குறுகலே பேச்சை வரவழைத்துவிடுகிறது. லிஃப்டில் அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. ‘6 நபர்கள், 408 கிலோ’ என்று தகடு பொருத்திய பெட்டிக்குள் மூன்று பேர் நிற்கிறார்கள். யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. நான்காம் மாடி வர அரை நிமிடம்கூட ஆகாது. எல்லோர் கண்ணும் மாறும் எண்ணிலோ கைப்பேசியிலோ இருக்கிறது.

இதில் தவறு இருக்கிறதா? ஒரே கூரையின் கீழ் வசிக்கிறவருக்கு முகமன் சொல்வது கடமையா, அல்லது விருப்பம் உள்ளவர் செய்யும் உபசாரம் மட்டுமா?

மௌனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நகரத்தில் அந்நியர்கள் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்ளும் பழக்கத்தை, அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் ஒரு மரியாதையாகவே விளக்கினார். ‘நீ இருப்பதைக் கண்டேன், உன் விஷயத்தில் தலையிட மாட்டேன்’ என்று சொல்கிறது அந்தப் பார்வை. நெருக்கமாக வாழும் இடத்தில் இது சிறிய பரிசல்ல. துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவருக்குப் பேசத் தெம்பு இருக்காது. மருத்துவமனையில் ஒருவரை விட்டுவிட்டு மாற்றுத் துணி எடுக்க வந்தவருக்கு, “என்ன, முகம் வாடியிருக்கு?” என்ற கேள்வி பாரமாகவே இருக்கும்.

பேச்சுக்கும் ஒரு கெட்ட முகம் உண்டு. நம் ஊரில் முகமன் பெரும்பாலும் கேள்வியாகத்தான் வருகிறது: சாப்டாச்சா, வேலைக்கா, கடைக்கா? இவற்றுக்கு உண்மையான பதில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. “ஆமாக்கா” என்றால் போதும். வெளியே கிளம்புகிறவரை “எங்கே போறே?” என்று கேட்கக் கூடாது, “தொலைவா?” என்றுதான் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். காரணமாகச் சொன்னது சகுனம். ஆனால் அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது: போகிறவர் போகும் இடத்தைச் சொல்லாமலே தலையாட்டிவிட்டுப் போக அந்தக் கேள்வி வழிவிடுகிறது. இதே படிக்கட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஏறும் வேலைக்குப் போகும் பெண்ணிடம், “இன்னிக்கும் லேட்டா? யாரு வந்து விட்டாங்க?” என்று கேட்பது முகமன் ஆகாது. அது கண்காணிப்பு. பதில் சொல்லியே தீர வேண்டும் என்று நெருக்கும் கேள்வியை மறுக்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. வீட்டு வாடகை, கல்யாணம், குழந்தை, சம்பளம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆகவே கடன் என்று ஒன்று இருந்தால் அது மிகச் சிறியது: கண்டுகொண்டேன் என்பதற்கு ஓர் அடையாளம். ஒரு தலையசைப்பு போதும். ‘வணக்கம்’, ‘சலாம்’, ‘ஸ்தோத்திரம்’, ‘இன்னாண்ணா’ என எந்த வாயிலிருந்து எது வந்தாலும் சரிதான். மசூதியும் மாதா கோயிலும் பார்சிகளின் அக்கினிக் கோயிலும் உள்ள ராயபுரத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்லைத் தேடுவதும் வீண்.

இந்தச் சிறிய கடன் எங்கே தவறுகிறது என்பதைப் பார்க்க, காலை ஏழரை மணிக்கு ஒரு லிஃப்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் ஏலத்தில் மீன் எடுத்து, வாடிக்கை வீட்டுக்குக் கொடுக்க, அன்னக்கூடையோடு ஓர் அம்மா வருகிறார். உள்ளே, மூன்றாம் மாடிக் குடும்பத் தலைவரும் ஃப்ளாட் சங்கச் செயலாளரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூடையைக் கண்டதும் பேச்சு நிற்கிறது. ஒருவர் மூக்கருகே கை கொண்டுபோகிறார். இன்னொருவர் கைப்பேசியை எடுக்கிறார். அந்த அம்மா இறங்கியதும் பேச்சு விட்ட இடத்தில் தொடர்கிறது. ஒரு கடுஞ்சொல்லும் சொல்லப்படவில்லை. ஆனாலும் அங்கே ஓர் அநீதி நடந்திருக்கிறது. வாங்கும் மீனுக்கு வாசலில் மரியாதை உண்டு. கொண்டுவந்தவருக்குப் பெட்டிக்குள் இல்லை.

சோதித்துப் பார்க்கும் வழி இங்கே கிடைக்கிறது. எல்லோரிடமும் பேசாதவரின் மௌனம் அவருடைய சுபாவம். அதில் யாருக்கும் குறையில்லை. ஆள் பார்த்து வரும் மௌனம் அவமதிப்பு. சொந்த வீட்டுக்காரருக்குச் சிரிப்பு, வாடகைக்கு இருப்பவருக்குப் பார்வை, படி கூட்டுகிறவருக்கு அதுவும் இல்லை என்றால், அந்தக் கட்டடத்தில் ஒரு வரிசை எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. பெயரையும் தொழிலையும் தெருவையும் வைத்துச் சாதியை ஊகிக்கும் நாட்டில் அந்த வரிசை எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை.

முதலில் யார் என்ற கேள்விக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. சிறியவர் பெரியவருக்கும், வேலை செய்பவர் வேலை கொடுப்பவருக்கும் முதலில் வணங்க வேண்டும் என்பது பழைய முறை. வயது விஷயத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். மற்றபடி முறையைத் திருப்ப வேண்டும். புதிதாகக் குடிவந்தவரோ, வாட்ச்மேனோ, மீன்கார அம்மாவோ முதலில் பேசினால், பதில் வராமல் போகும் அபாயம் அவர்களுடையது. உரிமை எடுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சும் வரலாம். சங்கச் செயலாளர் தலையசைத்துப் பதில் வராவிட்டால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. இழக்க எதுவும் இல்லாதவரே முதல் அடி வைக்கக் கடன்பட்டவர். பெண்ணிடம் ஆண் தொடங்கும்போது அந்தத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்வதும் இதே கடனில் அடங்கும்.

இவ்வளவு சிறியதற்கு ஏன் இத்தனை விசாரணை என்றால், எண்ணூரைப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 26 இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்படி ஓர் இரவில், எந்தக் கதவுக்குப் பின்னால் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்குக் காது கேட்காது என்பது தெரிந்தவர்தான் சரியான கதவைத் தட்ட முடியும். அந்தத் தெரிதல் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. படியிலும் லிஃப்டிலும் முகம் பார்த்துப் பழகியதில்தான் சேர்கிறது. முகமே பார்க்காதவரின் கதவு, அந்த நேரத்தில் நினைவுக்கே வராது.

நட்பு யாருக்கும் கடனில்லை. அடுத்த வீட்டுக்காரரைப் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. கண்டுகொள்ளும் கடன் மட்டும் எல்லோருக்கும் உண்டு, ஆள் பார்க்காமல் உண்டு. அதைச் செலுத்தும் முதல் பொறுப்பு அந்தக் கட்டடத்தில் அதிக இடம் உள்ளவருடையது.