தொனியும் பொறுப்பும்

சொன்னவன் கருதியது ஒன்று. கேட்டவன் கொண்டது வேறொன்று. இருவருள் எவரும் பொய் பேசவில்லை. எவரிடமும் தீய எண்ணமில்லை. ஆயினும் ஒருவர் மனம் புண்பட்டுவிடுகின்றது. அப்புண்ணுக்குப் பொறுப்பாளி யார்? வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு, முகம் காணாது, கணினித் திரையில் தோன்றும் சிறு செய்திகள் வாயிலாகவே ஒன்றாகத் தொழில் புரிவோரிடையே இவ்வினா நாள்தோறும் எழுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டினை நோக்கலாம். கொழும்பில் ஒரு கணக்காளர். ரொறன்ரோவில் அவருடைய மேலாளர். கணக்காளர் மாதாந்த அறிக்கையில் தேய்மானத்தைப் பிற செலவுகளினின்றும் பிரித்துத் தனி நிரலாக அமைக்கின்றார். மேலாளருக்கு அது பிடித்துப்போகின்றது. வாடிக்கையாளர் கேட்டால் காரணம் கூறவேண்டுமே என்றெண்ணி, “ஏன் இந்த நிரலை மாற்றினீர்கள்?” என எழுதுகின்றார். அங்கே கோடைகாலத்து நண்பகல். கொழும்பிலோ இரவு ஒன்பதரை மணி. உறங்கப் போகும் வேளையில் அதைப் படித்தவர் “யாரைக் கேட்டு மாற்றினீர்?” என்ற அதட்டலையே அதில் கேட்கின்றார். “பழையபடி மாற்றிவிடுகிறேன்” என்று விடையனுப்புகின்றார். கேட்ட கேள்விக்கு மறுமொழி வராமையால் மேலாளர் அதனை முகமுறிவாகக் கொண்டு “சரி.” என்று மட்டும் எழுதுகின்றார். அந்த ஒற்றைச் சொல்லும் அதன் பின் நின்ற முற்றுப்புள்ளியும் கணக்காளரின் ஐயத்தை உறுதிப்படுத்திவிடுகின்றன. நல்லதொரு திருத்தம், அதை விரும்பிய இருவராலேயே கைவிடப்படுகின்றது.

“ஏன்” என்னும் சொல் தமிழில் காரணம் வினாவவும் பயன்படும், கடிந்துகொள்ளவும் பயன்படும். பேச்சில் குரலின் ஏற்ற இறக்கமே இரண்டையும் பிரித்துக்காட்டும். யாழ்ப்பாணத்தார் “ஓம்” என்பதை நீட்டியும் குறுக்கியும் இணக்கம், ஐயம், ஏளனம் ஆகிய மூன்றையும் உணர்த்திவிடுவர். எழுத்தில் இக்குரல் இல்லை. ஆயின் எழுதுபவரின் செவியில் அது ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது என்பதே சிக்கலின் வேர். 2005ஆம் ஆண்டில் ஜஸ்ரின் குறூகரும் நிக்கலஸ் எப்லியும் பிற ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. சில கூற்றுகளை ஏளனமாகவோ உண்மையாகவோ மின்னஞ்சலில் தெரிவித்தவர்கள், பெறுபவர் நூற்றுக்கு 78 தடவை தம் தொனியைச் சரியாக உணர்வர் என எதிர்பார்த்தனர். பெற்றவர்களோ 56 தடவையே சரியாக உணர்ந்தனர். நாணயம் சுண்டிப் பார்த்தாலும் 50 கிடைக்கும் அல்லவா? குரலில் பேசியபோது 73 தடவை சரியாக உணரப்பட்டது.

எனவே எழுதுபவரே முழுப் பொறுப்பாளி எனலாமா? அதுவும் பொருந்தாது. தாம் கேட்கும் குரல் பிறருக்குக் கேட்காது என்பதை எழுதுபவர் அறியாதது போலவே, தாம் படித்த குரல் தம்முடையது என்பதைப் படிப்பவரும் அறிவதில்லை. களைப்பும் அச்சமும் அச்செய்திக்கு அவர் இட்ட குரல்கள். ஆயினும் பொறுப்பு இருவருக்கும் சமமன்று. “கோபமா?” என்று மேலாளரிடம் கேட்கும் துணிவு கீழ்நிலையில் உள்ளவருக்கு எளிதில் வருவதில்லை. நல்லெண்ணத்தோடு படிக்கவேண்டும் என்ற அறிவுரை அவருக்கு மட்டுமே உரைக்கப்படுமாயின், அது அறத்தின் பெயரால் அடக்கத்தைக் கோருவதாகிவிடும். கேட்பதற்கு வாய்ப்புள்ளவரே தெளிவுபடுத்தும் கடமையையும் கூடுதலாக ஏற்கவேண்டும்.

அக்கடமை பெரியதொன்றன்று. வினாவுக்கு முன் காரணத்தை வைத்தல் முதற்பழக்கம். “புதிய நிரல் நன்றாக உள்ளது. வாடிக்கையாளர் கேட்டால் என்ன காரணம் சொல்லலாம்? நாளை எழுதினாற் போதும்” என்றிருந்தால் கொழும்பில் உறக்கம் கெட்டிராது. அனுப்புமுன் அச்செய்தியைச் சினங்கொண்ட ஒருவரின் குரலில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் மற்றொன்று. மேற்கூறிய ஆய்வாளர்களும் இத்தகைய முறையைச் சோதித்தனர். தாம் கருதிய தொனிக்கு மாறான தொனியில் படித்துப் பார்த்தவர்களிடம் அளவுமீறிய நம்பிக்கை குறைந்தது. படிப்பவர் செய்யத்தக்கது, கேட்கப்பட்டதற்கு மட்டும் விடை கூறுதல்: “தேய்மானம் பணமாக வெளியேறும் செலவன்று, ஆகவே பிரித்தேன். பழைய அமைப்பே வேண்டுமா?”

மனக்கசப்பு வளர்கின்றது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. செய்திகள் குறுகுகின்றன, விளிச்சொல் மறைகின்றது, தேவையின்றி மூன்றாமவர் ஒருவர் உரையாடலிற் சேர்க்கப்படுகின்றார். அந்நிலையில் மேலும் எழுதுவது பயனற்றது. தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசுவதே தக்கது. ஆயின் எல்லாக் கசப்பும் தொனி மயக்கத்தால் விளைவதன்று. குரலைக் கேட்ட பின்னரும் அச்சொற்கள் அதட்டலாகவே நிற்குமாயின், அது தவறாகப் படிக்கப்பட்ட செய்தியன்று. சரியாகப் படிக்கப்பட்ட செய்தியே.