அப்பாவின் பதில்

இறந்துபோன அப்பாவுக்குக் கடிதம் எழுதுவது ரொம்ப சுலபம். அவர் குறுக்கே பேச மாட்டார். 'நிறுத்துடா' என்று அதட்ட மாட்டார். சிக்கலே அங்கேதான்! ஒருவர் மட்டுமே பேசினால் அது குற்றப்பத்திரிகை. பாதியில் நின்றுபோன பேச்சை அது எப்படி முடித்துவைக்கும்?

காஃப்காவைக் கேட்கலாம். 1919-ல், 36 வயதில், பிராக் நகரத்து வியாபாரியான தன் அப்பாவுக்கு நூறு பக்கத்துக்கும் மேலாகக் கையால் எழுதினார் அவர். அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆனாலும் கடிதம் போய்ச் சேரவில்லை. பக்கம் பக்கமாகப் புகார். ஆனால், கடைசியில் ஒரு காரியம் செய்தார். 'இதைப் படித்தால் அப்பா என்ன பதில் சொல்வார்?' என்று அதையும் அவரே எழுதினார். சமாதான பதில் அல்ல... மகனை வெளுத்து வாங்குகிற பதில்!

என் கதைக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் தமிழ் இலக்கியம் படிக்க விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தேன். அப்பா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பி.காம். விண்ணப்பத்தோடு வந்தார். ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்.

தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொல்லி ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அதே கணக்கில் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க 'நீங்க கிழிச்சீங்க', 'நீங்க கேக்கவே இல்ல'. மூன்றாம் நாள்தான் இந்த வரி வந்தது: 'அக்கா கல்யாணக் கடன் அப்பதானே கழுத்தை நெரிச்சுது... அதனாலயாப்பா?'

இந்த 'அதனால' முக்கியம். நாளாக ஆக 'ஏனென்றால்', 'புரிகிறது' போன்ற சொற்கள் அதிகம் எட்டிப் பார்த்தவர்களுக்கே எழுத்து கூடுதலாக உதவியது என்று கண்டார் பென்னிபேக்கர். நாலு நாளும் 'நீங்க... நீங்க...' என்றே ஓடினால், காயத்தைக் கீறிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

நான்காம் நாள், பதில். 'என்னை மன்னிச்சுடுப்பா' என்று எழுதத்தான் கை பரபரக்கும். ஆனால், ஆயுசில் யாரிடமும் அப்படிப் பேசாத மனிதரின் வாயில் அதைத் திணிக்க நமக்கு என்ன உரிமை? என் அப்பா இப்படித்தான் சொல்வார்: 'கடன்காரன் வாசல்ல நிக்கிறப்ப கவிதை படின்னு எவன்டா சொல்லுவான்?'

இன்றும் எனக்கு அது சம்மதமில்லை. ஆனால், இப்போது எங்களுக்குள் இருப்பது கருத்து வேறுபாடு. இத்தனை வருடம் இருந்தது வெறும் மௌனம்.

ஒன்று... எல்லா துக்கத்துக்கும் இது மருந்தல்ல. துணையை இழந்தவர்களை எழுதவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட சீக்கிரம் தேறிவிடவில்லை. சும்மா அழுதாலே போதும் என்கிற துக்கத்தை அழவிடுங்கள். கேள்வி பாக்கி இருந்தால் மட்டும் பேனாவை எடுங்கள்.

எழுதிய பதில் உங்களைக் கொஞ்சமாவது சுடுகிறதா? அப்படியானால், பேசியது அப்பாதான்!