ஒருத்தியின் கூற்றும் ஓரினத்தின் கூற்றும்

ஆய்வொன்றிற் பங்குபற்றிய ஒருவரின் கூற்றை எடுத்தாள்பவன் அவருக்காக மட்டும் பேசுகின்றானா, அவரையொத்தோர் அனைவருக்காகவும் பேசுகின்றானா? இவ்வினாவை, அறவளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு எடுத்தாளப்பட்ட முறையைக் கொண்டு நோக்குவோம்.

அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகனின் 'வேறொரு குரலில்' என்னும் நூல் 1982இல் வெளிவந்தது. அதில் 11 வயதினரான ஏமி, ஜேக் என்னும் இருவரிடம் ஒரு வினா எழுப்பப்படுகின்றது: மனைவியின் உயிர்காக்கும் மருந்தை வாங்கப் பணமற்ற கணவன் அதைத் திருடலாமா? பணத்திலும் உயிர் மேலானது. ஆதலால் திருடலாம் என்கின்றான் ஜேக். ஏமியோ, கணவன் சிறை சென்றால் மனைவியைக் கவனிப்பார் யார் எனத் தயங்குகின்றாள்; கடன் பெறலாம், மருந்து விற்பவருடன் பேசலாம் என்கின்றாள். லோறன்ஸ் கோல்பேர்க் வகுத்த படிநிலை அளவுகோலின்படி ஏமியின் விடை தாழ்ந்ததாகும். அவ்வளவுகோலோ ஆண்பிள்ளைகளை மட்டும் ஆராய்ந்து உருவாக்கப்பட்டது.

இதனை எடுத்தாண்டோர் பலர், "பெண்கள் உறவைப் பேணுதலையே அறமெனக் கருதுகின்றனர்" என எழுதினர். ஆனால் கில்லிகன் தாம் கண்ட குரலைப் பாலினத்தால் அன்றிக் கருப்பொருளால் வேறுபடுத்துவதாகவும், மக்களிடையே அதன் பரம்பலைப் பற்றித் தாம் எதுவும் கூறவில்லையெனவும் முன்னுரையிலேயே குறித்திருந்தார். எனினும், பெண்களின் வளர்ச்சியைச் சுட்டும் நூலின் உபதலைப்பும் இம்மயக்கத்திற்கு இடமளித்தது எனலாம்.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கு ஓர் இடர் உண்டு. 'பெண்கள் கூறினர்' என்னுந் தொடர் நேர்காணப்பட்ட பெண்களையும் குறிக்கலாம், பெண்ணினத்தையும் குறிக்கலாம். 'கூறினர்' என்பது 'கூறுகின்றனர்' ஆகும்போது, ஒருநாள் நிகழ்ந்த உரையாடல் என்றுமுள்ள இயல்பாகிவிடுகின்றது. ஆகவே, "கில்லிகனின் ஆய்விற் பங்குபற்றிய 11 வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறு விடையளித்தாள், இத்தகைய விடைகளிற் பராமரிப்பு என்னுங் கருப்பொருளை ஆய்வாளர் கண்டார்" என எழுதுதல் வேண்டும். இவ்வாறு எழுதினால் சிறுமியின் சொல்லும் ஆய்வாளரின் விளக்கமும் தனித்தனியே நிற்கும்.

இதனால் அக்கூற்று வலுவிழப்பதில்லை. அறச்சிந்தனைக்கு ஒரே பாதைதான் உண்டு என்னுங் கொள்கையை ஐயுறுவதற்கு ஓர் ஏமியே போதும். ஆனால் எத்தனை பெண்கள் அவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதற்கு ஏமி சான்றாகாள். அதற்கு வேறுவகை ஆய்வு வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஜஃபீ, ஹைட் ஆகிய இருவர் 113 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இருபாலாரிடையே காணப்பட்ட வேறுபாடு சிறிதாகவே இருந்தது.

மிகைப்படுத்திய பொதுமை தருக்கப்பிழை மட்டுமன்று, அஃது அநீதியுமாகும். உரிமையின் பெயரால் வாதிடும் பெண்ணை அது தன் இயல்பு திரிந்தவளாக்குகின்றது. தயங்கித் தயங்கித் தானாகவே சிந்தித்த ஏமியையோ வெறும் மாதிரியுரு ஆக்கிவிடுகின்றது.