மேற்கோளின் கடனும் கணக்கும்

ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் வரும் மேற்கோள் பட்டியல் இரண்டு வேலைகளுக்காக ஏற்பட்டது. ஒரு கருத்தை யாரிடமிருந்து பெற்றோம் என்பதைக் கட்டுரையாளர் அங்கே ஒப்புக்கொள்கிறார். அதைச் சரிபார்க்க விரும்பும் வாசகர் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார். 1960களில் யூஜீன் கார்ஃபீல்டு இந்தப் பட்டியல்களைத் திரட்டி அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கினார். அதன் பிறகு மேற்கோள்களை எண்ண முடிந்தது. எண்ண முடிந்ததை வைத்து இதழ்களும் ஆய்வாளர்களும் தரவரிசைப்படுத்தப்பட்டார்கள். பணி நியமனம், பதவி உயர்வு, நிதி எல்லாம் அந்த எண்ணிக்கையைச் சார்ந்துவிட்ட நிலையில், எண்ணிக்கைக்காகவே மேற்கோள் காட்டுவது எவ்வளவு பெரிய தவறு, அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது.

ஆய்விதழ்களின் 'தாக்கக் காரணி' எளிய வகுத்தல் கணக்குதான். 2010ஆம் ஆண்டுக்கான காரணியைக் கணக்கிட, ஓர் இதழ் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு 2010இல் எத்தனை மேற்கோள்கள் கிடைத்தன என்று எண்ணி, அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் தொகையால் வகுப்பார்கள். 2007இல் வந்த கட்டுரையை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் இந்தக் கணக்கில் அது சேராது. கணக்கின் இந்தக் குறுகிய ஈராண்டு எல்லைதான் மோசடிக்கு இடம் தருகிறது. மோசடியைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே.

2010இல் 'மெடிக்கல் சயின்ஸ் மானிட்டர்' என்ற இதழில் ஒரு மீள்பார்வைக் கட்டுரை வந்தது. அதில் 490 மேற்கோள்கள். அவற்றில் 445, 'செல் டிரான்ஸ்பிளான்டேஷன்' என்ற வேறோர் இதழின் கட்டுரைகளைச் சுட்டின; அந்த 445உம் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வந்தவை. மீதி 45இல் 44, கட்டுரையை வெளியிட்ட இதழின் அதே ஈராண்டுக் கட்டுரைகள். எழுதிய நால்வரில் மூவர் செல் டிரான்ஸ்பிளான்டேஷனின் ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள். அதே ஆண்டு மூன்றாவதாக ஓர் இதழிலும் இதே வார்ப்பில் ஒரு கட்டுரை வந்து, 96 மேற்கோள்களைச் சேர்த்தது. 2012இல் இதை வெளிக்கொணர்ந்த ஃபில் டேவிஸின் கணக்குப்படி, இந்த இரண்டு கட்டுரைகளை நீக்கினால் செல் டிரான்ஸ்பிளான்டேஷனின் 2010 தாக்கக் காரணி 6.204இலிருந்து 4.082ஆக இறங்கும். ஓர் இதழின் நற்பெயரில் மூன்றில் ஒரு பங்கு இரண்டே கட்டுரைகளிலிருந்து வந்திருக்கிறது.

இதில் தனியாக எடுத்துப் பார்த்தால் பொய்யான மேற்கோள் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். சுட்டப்பட்ட கட்டுரைகள் உண்மையில் இருக்கின்றன. துறையோடு தொடர்புடையவையாகவும் இருக்கின்றன. பொய் அவற்றின் அடுக்கில் இருக்கிறது. ஒரு துறையை மீள்பார்வை செய்வதாகச் சொல்லும் கட்டுரை, அந்தத் துறை இரண்டே இதழ்களில், இரண்டே ஆண்டுகளில் நடந்ததுபோல் காட்டுகிறது. எண்ணிக்கை என்ற வழக்கமே இல்லாதிருந்தால் இந்த மேற்கோள் இந்த இடத்தில் இருந்திருக்குமா என்று கேட்டுப் பார்ப்பதே இங்கே பொருந்தும் சோதனை. அந்த 445இல் பெரும்பாலானவை அதில் தேறா.

ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். மொய் எழுதுவதும் அப்படித்தானே நடக்கிறது? ஆனால் மொய் வைப்பவர் தம் கைப்பணத்தை வைக்கிறார். மேற்கோள் கூட்டணியில் இதழாசிரியர்கள் கொடுத்து வாங்குவது வாசகரின் நம்பிக்கையை. தவிர, தரவரிசை ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியே ஆக வேண்டும். இறங்குவது கூட்டணியில் சேராத இதழ்.

பிரேசிலில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. அங்கே முதுநிலைப் படிப்புத் துறைகளை மதிப்பிடும் அரசு நிறுவனமான காபெஸ், மாணவர்கள் எந்தத் தாக்கக் காரணி உள்ள இதழில் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்து மதிப்பெண் தந்தது. உள்நாட்டு இதழ்களின் காரணி குறைவு என்பதால் நல்ல கட்டுரைகள் வெளிநாட்டுக்குப் போயின. அதனால் உள்நாட்டு இதழ்களின் காரணி குறைவாகவே நீடித்தது. இந்தச் சுழலிலிருந்து மீள, சில மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் இதழில் மற்றவர் இதழ்களை நிறைய மேற்கோள் காட்டும் மீள்பார்வைகளை வெளியிட்டார்கள். 2013இல் நான்கு இதழ்களின் தாக்கக் காரணி நிறுத்திவைக்கப்பட்டது. அவற்றில் ஒன்றான 'கிளினிக்ஸ்' இதழின் ஆசிரியர் மவுரிசியோ ரோச்சா இ சில்வா, ஏற்பாடு நடந்ததை மறைக்கவில்லை. காபெஸின் கொள்கையே காரணம் என்றார்.

அவருடைய குறை நியாயமானது. சொந்த நாட்டு இதழ்களை நலிய வைக்கும் அளவுகோலை ஓர் அரசு நிறுவனம் பிடித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் தேர்ந்தெடுத்த வழி அந்த அளவுகோலை எதிர்க்கவில்லை. அதற்குள்ளேயே முன்வரிசைக்கு முந்தியது. அதே கொள்கையால் நலிந்த, அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்ற மற்றப் பிரேசிலிய இதழ்கள் இன்னும் பின்னே தள்ளப்பட்டன. அநீதியான விதிக்கு எதிரான செயல் என்று இதை ஏற்க முடியாததற்குக் காரணம் இதுவே. வெளிப்படையாகச் செய்திருந்தால் அது போராட்டமாக இருந்திருக்கும். பிடிபட்ட பிறகு சொன்ன காரணத்துக்கு அந்தத் தகுதி இல்லை.

கட்டாய மேற்கோளில் குற்றத்தின் பாரம் வேறு மாதிரி பிரிகிறது. கட்டுரையை ஏற்கும் தறுவாயில், "எங்கள் இதழிலிருந்து சில மேற்கோள்களைச் சேருங்கள்" என்று கடிதம் வருகிறது. எந்தக் கருத்துக்கு ஆதாரம் விடுபட்டது, எந்தக் கட்டுரையைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்காது. இதழின் பெயர் மட்டும் இருக்கும். நியாயமான திருத்தத்தையும் நெருக்குதலையும் பிரித்தறிய இந்த வேறுபாடு போதும். ஆலன் வில்ஹைட், எரிக் ஃபாங் இருவரும் பொருளியல், சமூகவியல், உளவியல், வணிகத் துறைகளைச் சேர்ந்த 6,672 பேரின் பதில்களைக் கொண்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்படி நெருக்கப்பட்டதாகச் சொன்னார். பதவிப் படியில் கீழே இருப்பவர்களே அதிகம் குறிவைக்கப்பட்டார்கள். இது தவறு என்று மிகப் பெரும்பாலோர் சொன்ன அதே ஆய்வில், நெருக்கும் இதழுக்கு அனுப்பும்போது தேவையற்ற மேற்கோள்களை முன்கூட்டியே சேர்த்துவிடுவோம் என்று பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள்.

வேலை நிரந்தரமாகாத ஓர் ஆய்வாளர் பணிந்து மூன்று மேற்கோள்களைச் சேர்த்தால், வாசகருக்கு நேரும் இழப்பு என்னவோ ஒன்றுதான். ஆனாலும் பழியைச் சமமாகப் பங்கிடுவது நேர்மையாகாது. மறுத்தால் அவர் இழப்பது ஓராண்டு உழைப்பு. கேட்டவருக்கோ எந்த ஆபத்தும் இல்லை. மூத்த பேராசிரியர் அதே கடிதத்துக்குப் பணிந்தால் அதை மன்னிப்பது கடினம். அவரால் மறுக்க முடியும்; மறுத்தால் அடுத்தவருக்கும் வழி திறக்கும்.

தன்மேற்கோள் இவற்றில் மிகக் குறைந்த அளவே சந்தேகத்துக்குரியது. ஒரே கேள்வியைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்பவர் தம் முந்தைய அளவீட்டைச் சுட்டாமல் அடுத்ததை எழுத முடியாது. விட்டுவிட்டால் அதுவே பழையதைப் புதிதாகக் காட்டும் ஏமாற்றாகும். ஜான் அயோனிடிஸும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் சுமார் ஒரு லட்சம் ஆய்வாளர்களின் மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். தாமும் தம் இணை ஆசிரியர்களும் காட்டிய மேற்கோள்களின் பங்கின் இடைநிலை அளவு 12.7 விழுக்காடாக இருந்தது. 250க்கும் மேற்பட்டோருக்கு அது பாதியைத் தாண்டியது. சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளருக்கு 94 விழுக்காடு. சிலரே உழைக்கும் குறுகிய துறையிலும், மற்றவர்கள் இன்னும் கவனிக்காத இளம் ஆய்வாளரிடமும் இந்தப் பங்கு இயல்பாகவே உயரும். ஆகையால் விழுக்காடு ஒருவரின் பட்டியலைத் திறந்து படிக்கச் சொல்லும் காரணமாக மட்டுமே இருக்க முடியும். படித்துப் பார்த்தால், முந்தைய கட்டுரை வாதத்துக்குத் தோள் கொடுக்கிறதா, முன்னுரையில் ஒரே வாக்கியத்தின் வாலில் பத்துப் பதினைந்தாகத் தொங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

தண்டனையிலும் ஒரு நியாயக் குறை இருக்கிறது. இதழின் தாக்கக் காரணியை நிறுத்தும்போது, ஏற்பாடு எதையும் அறியாமல் அதில் எழுதியவர்களும் அடிபடுகிறார்கள்; பிரேசிலில் காரணியை வைத்து மதிப்பிடப்பட்ட துறைகளின் மாணவர்களுக்கு அது கண்கூடான இழப்பு. செயற்கையாகச் சேர்ந்த மேற்கோள்களை மட்டும் கழித்துத் திருத்திய எண்ணை வெளியிடுவது அவர்களுக்கு நியாயமாக இருக்கும். ஆனால் அப்போது ஏற்பாடு செய்த ஆசிரியர், பிடிபட்டாலும் பழைய இடத்துக்குத் திரும்புவதைத் தவிர வேறு எதையும் இழக்கமாட்டார். கழித்த எண்ணை இதழுக்கும், பொறுப்பை நீக்கும் நடவடிக்கையை ஆசிரியருக்கும் தனித்தனியே கொடுத்தால்தான் குற்றம் செய்தவர் மீது மட்டும் அது விழும். எண்ணைக் கணக்கிடும் நிறுவனத்துக்கு ஆசிரியரை நீக்கும் அதிகாரம் இல்லை. அது இதழை நடத்தும் சங்கத்திடமோ பதிப்பகத்திடமோ இருக்கிறது. காரணி உயர்ந்ததால் பயனடைந்தவர்களும் அவர்களே.