சீட்டைப் பிரிக்கும் முன்

வகுப்பறையைப் பெருக்குவது யார்? 'தாமதமாக வருபவர்' என்று விதி எழுதிவிடுவது எளிது. மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் விரிவாக முன்வைத்த 'அறியாமைத் திரை'யை இங்கே போட்டுப் பாருங்கள். அதாவது, வகுப்பில் நீங்கள் யார் என்று சொல்லும் ஒரு சீட்டை, விதி எழுதிய பிறகுதான் பிரிக்கலாம். ஒரே பேருந்தை நம்பி வரும் பிள்ளையாக இருந்தால்? அந்த விதி அப்போதே கசக்கும். சரி, வரிசை எண்படி முறை வைப்போம் என்றால், தூசி பட்டதும் மூச்சிளைக்கும் பிள்ளையின் கைக்கும் துடைப்பம் வந்துவிடுகிறது. ஆகவே ஆண், பெண் பாராமல் வாரமுறை சுழலட்டும். தூசி ஆகாதவர் அதே நேர அளவுக்குத் தண்ணீர்க்குடம் நிரப்பட்டும். சீட்டைப் பிரித்ததும் ஒருவர் விதியை மாற்றக் கேட்டால், எழுதும்போது யாரை மறந்தோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.