வாங்கிய விலை என்னும் மூடநம்பிக்கை

ராகுகாலம் பார்க்காதவர்கள், ஜாதகத்தை நம்பாதவர்கள் பலரிடமும் ஒரு மூடநம்பிக்கை பத்திரமாக இருக்கிறது. "விற்றால்தானே நட்டம்?" என்பது அதன் மந்திரம். பங்குச் சந்தையில் பணம் போட்டவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது.

ஒருவர் ஐந்து மாதங்களுக்கு முன் இரண்டு பங்குகளில் தலா ஒரு லட்சம் ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒன்று 1,30,000 ஆகியிருக்கிறது. மற்றொன்று 70,000 ஆகச் சரிந்திருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 70,000 ரூபாய் வேண்டும். செல்போன் திரையில் ஒரு வரி பச்சை, ஒரு வரி சிவப்பு. அவர் விரல் பச்சையைத்தான் தொடும். "லாபத்தை எடுத்துவிடலாம், சரிந்தது வாங்கிய விலைக்கு வரட்டும், பார்க்கலாம்" என்பார்.

கணக்கு அவருக்கு எதிராக இருக்கிறது. ஏறிய பங்கில் 70,000 ரூபாய்க்கு விற்றால் அதில் சுமார் 16,000 லாபம். ஓராண்டுக்குள் விற்பதால் 20 சதவீத வரி. 3,200 ரூபாய்க்கு மேல் போய்விடும். சரிந்ததை விற்றால் வரியே இல்லை. அந்த 30,000 ரூபாய் நட்டத்தை மற்ற பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்; மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டு செல்லவும் சட்டம் இடம் தருகிறது. வரி கட்டியாவது தன் நட்டத்தை ஒப்புக்கொள்ளாமல் இருக்கவே அவர் விரும்புகிறார்.

இந்தப் போக்குக்கு 1985-இல் ஹெர்ஷ் ஷெஃப்ரின், மேயர் ஸ்டாட்மன் என்ற பொருளியல் அறிஞர்கள் 'டிஸ்போசிஷன் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு டெரன்ஸ் ஓடீன் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை, 1987 முதல் 1993 வரை, எடுத்து ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார். ஏதாவது ஒன்றை விற்ற நாளில் முதலீட்டாளர்கள் தங்கள் கையில் இருந்த லாபப் பங்குகளில் நூற்றுக்குச் சுமார் 15-ஐ விற்றார்கள்; நட்டப் பங்குகளில் சுமார் 10-ஐத்தான் விற்றார்கள்.

"சரிந்தது ஏறும் என்ற கணிப்பில்தானே வைத்திருக்கிறோம்?" என்று கேட்கலாம். ஓடீன் அதையும் சோதித்தார். விற்றுவிட்ட லாபப் பங்குகள் அடுத்த ஓராண்டில், விடாமல் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஏறின. இன்னொன்று அதைவிட முக்கியம். அங்கே வரிக் கணக்கு முடியும் டிசம்பரில் மட்டும் கதை தலைகீழானது. நட்டப் பங்குகளையே அதிகமாக விற்றார்கள். வரிச் சலுகை பதினோரு மாதமும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். கெடு நெருங்கும்வரை மனசு வரவில்லை.

மனசு வராததற்குக் காரணம் என்ன? பரஸ்பர நிதிகளைப் பற்றிய ஓர் ஆய்வு விடை சொல்கிறது. நிதி மேலாளர் மாறியதும், புதிதாக வந்தவர் முன்னவர் விட்டுச் சென்ற நட்டப் பங்குகளை விற்றுத் தள்ளுகிறார். பங்கு அதே பங்கு, சந்தை அதே சந்தை. அதை வாங்கிய தவறு அவருடையதல்ல என்பதுதான் வித்தியாசம். ஆக, நாம் பிடித்துக்கொண்டிருப்பது பங்கை அல்ல, நம் கௌரவத்தை. விலை சரியச் சரிய மேலும் வாங்கி 'ஆவரேஜ்' செய்வதும் பல நேரம் இந்தக் கௌரவத்துக்குச் செய்யும் செலவுதான்.

நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. அதன் விற்பனைக்கும் கடனுக்கும் லாபத்துக்கும் உங்கள் விலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வரிக் கணக்கைத் தவிர வேறெதற்கும் உதவாத அந்த எண்ணை நம்பித்தான் காத்திருக்கிறீர்கள்.

சரிந்ததை எல்லாம் விற்றாக வேண்டும் என்று சொல்லவில்லை. நல்ல கம்பெனியும் சரியும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த 70,000 ரூபாய் இன்று ரொக்கமாகக் கையில் இருந்தால், இதே பங்கை இன்றைய விலைக்கு வாங்குவேனா? ஆம் என்றால் காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு காத்திருங்கள். இல்லை என்றால், வைத்திருப்பதற்கு வேறு நியாயம் கிடையாது.

அந்தச் சிவப்பு வரியை வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பணமும்தான். குடும்பத்தின் சேமிப்பைப் பிடித்து வைத்துத் தன் கௌரவத்தைக் காப்பாற்ற யாருக்கும் உரிமை இல்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் நட்டம் நட்டம்தான். அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.